"த்ரூபுட்"டுக்கும் "பாட்டில்நெக்"குக்கும் தமிழ்: "மடைமணி வரவு" சரியா?

கணக்கர், கோவை:
வணக்கம். நான் கணக்குப் பார்க்கும் பட்டறையில் வார்ப்புகளைக் குடைந்து செதுக்கும் வி.எம்.சி. மெஷின் ஒன்றே ஒன்றுதான். மற்ற மெஷின்கள் அவ்வப்போது சும்மா நிற்கும். இதன் முன்னால் மட்டும் வார்ப்புகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். வாரத்துக்கு 80 மணி நேரம் ஓடும், அதற்கு மேல் முடியாது.

பம்ப் உறை 1,800 ரூபாய்க்குப் போகிறது. வார்ப்பும் வாங்கிய சாமானும் போக 800 நிற்கும். வி.எம்.சி.யில் 20 நிமிடம். மோட்டார் மூடி 950 ரூபாய், சாமான் போக 500 நிற்கும், 10 நிமிடம். வாரத்துக்கு 180 உறை, 300 மூடி ஆர்டர். இரண்டையும் முடிக்க 110 மணி வேண்டும்.

ஒன்றுக்கு 800 நிற்கிறதே என்று முதலாளி உறையைத்தான் முதலில் ஓட்டினார். 180 உறை முடித்து, மிஞ்சும் 20 மணியில் 120 மூடி போட்டால் 2,04,000 ரூபாய். மூடியை முதலில் ஓட்டினால் 300 மூடி, மிஞ்சும் 30 மணியில் 90 உறை, 2,22,000 ரூபாய். சம்பளமும் வாடகையும் இரண்டிலும் அதேதான். உறை அந்த மெஷினில் மணிக்கு 2,400 தருகிறது, மூடி 3,000 தருகிறது.

இந்த 3,000க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? சாமான் போக நிற்கும் பணத்தைத்தான் த்ரூபுட் என்கிறார்கள். அதை "வெளியீடு" என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் எத்தனை உருப்படி வெளியே போனது என்று எண்ணிக்கொண்டு வந்தார். பணத்தைக் குறிக்கும் சொல் வேண்டும்.

பிணைய நிர்வாகி, சென்னை:
இதற்கு "ஊடுவீதம்" பொருந்துமே? ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் கடக்கிறது என்பதை நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம்.

செலவுக் கணக்கு ஆசிரியை, மதுரை:
தம்பி, அது வேறு த்ரூபுட். இங்கே கேட்பது ரூபாய்க் கணக்கு. ஆனால் புதுச்சொல்லே எதற்கு? விற்பனையில் மாறும் செலவு போக நிற்பதற்குப் "பங்களிப்பு" என்று பாடத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பற்றாக்குறையான வளத்தின் ஒரு மணிக்குப் பங்களிப்பு எவ்வளவு என்று பார்த்து வரிசைப்படுத்துவது பழைய முறைதான்.

கணக்கர், கோவை:
வரிசைப்படுத்தும் முறை பழையதுதான், அம்மா, ஒப்புக்கொள்கிறேன். கழிப்பதில்தான் வித்தியாசம். பங்களிப்பில் நேரடிக் கூலியையும் மாறும் செலவாக எடுத்துக் கழிப்பது வழக்கம். மேலாண்மை நூலாசிரியர் எலியாஹு கோல்ட்ராட் சொன்ன த்ரூபுட்டில், ஒரு உருப்படி கூடினால் கட்டாயம் கூடும் செலவை மட்டுமே கழிக்கிறோம். எங்கள் ஆபரேட்டருக்கு மாதச் சம்பளம். ஒரு மூடி குறைந்தால் அது குறையாது. அதையும் கழித்துவிட்டு அதே பெயரில் எழுதினால் இரண்டு கணக்கும் குழம்பிவிடும்.

என் யோசனை: பாட்டில்நெக் மெஷினுக்கு "மடை". ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மடை விடுகிற அளவுதான் வயலுக்குப் போகும். பொருள் போக நிற்பது "வரவு". அப்படியானால் அந்த 3,000, மூடியின் "மடைமணி வரவு".

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:
எங்கள் பக்கம் மடை என்றால் கோயிலில் வைக்கும் படையல்தான் முதலில் நினைவுக்கு வரும். அதோடு, மடையை வேண்டும்போது திறக்கலாம், மூடலாம். உங்கள் மெஷினை அப்படிப் பெரிதாக்க முடியாதே. "இடுக்கு" என்று வைத்தால் என்ன? "இடுக்குமணி வரவு".

சாயப்பட்டறை மேலாளர், திருப்பூர்:
பெயர் எதுவானாலும் சரி, நிமிடத்தை எப்படி எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எங்களுக்குக் காம்பாக்டிங் மெஷின்தான் மடை. துணி மூட்டை குவிகிற இடம் அதுதான். ஓடும் நேரத்தை மட்டும் பார்த்து வரிசை போட்டோம். சின்னச் சின்ன ஆர்டருக்குத் துணி அகலம் மாற்றி செட் பண்ணுவதிலேயே பாதி ஷிப்ட் போனது.

கணக்கர், கோவை:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள், அண்ணா. மூடியை 10, 10ஆகக் கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர் எங்களுக்கும் உண்டு. ஒவ்வொரு தடவையும் செட்டிங்குக்கு 50 நிமிடம், அதாவது ஒரு மூடிக்கு 5 நிமிடம் கூடுதல். 10 நிமிடம் 15 ஆகிவிட்டால் மணிக்கு 2,000தான். உறை மேலே வந்துவிடும். அதனால் நாங்கள் செட்டிங்கையும் மடைநேரத்தில்தான் சேர்க்கிறோம். மடை தாண்டிய பிறகு கழிவாகும் உருப்படி வார்ப்புக் காசோடு மடையில் எடுத்த நிமிடத்தையும் கொண்டுபோகிறது. ஓட்டை விழுந்த வார்ப்பை வி.எம்.சி.யில் ஏற்றுவதற்கு முன்பே பிரிப்பது அதனால்தான்.

செலவுக் கணக்கு ஆசிரியை, மதுரை:
சரி, கூலியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வெறும் "வரவு" என்றால் மாணவர்கள் விற்பனைத் தொகை முழுவதையும் எழுதிவிடுவார்கள். "பொருள்போக வரவு" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு கேள்வி: வி.எம்.சி. பக்கமே போகாத பொருள் இருந்தால்? வகுக்க நிமிடமே இல்லையே.

கணக்கர், கோவை:
உண்டு. லேத்தில் மட்டும் முடியும் புஷ். அது இந்த வரிசைக்குள் வராது. பொருள் போக ஏதாவது நிற்கும்வரை, ஆர்டர் இருக்கும் அளவுக்கு ஓட்டலாம். லேத்தின் முன்னால் குவியல் எழும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எழும்பினால் மடை இடம் மாறிவிட்டது. நிமிடங்களை மறுபடி எடுக்க வேண்டும்.

"பொருள்போக வரவு" எனக்குச் சம்மதம். மடையா இடுக்கா என்பதில் இன்னும் மடைப் பக்கம்தான் நிற்கிறேன். பட்டறைப் பலகையில் திங்கட்கிழமை இரண்டையும் எழுதி வைக்கிறேன். ஆபரேட்டர்கள் வாயில் எது வருகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:
மடை இடம் மாறும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஏரி மடை இடம் மாறுமா, ஐயா? இடுக்குதான் எங்கும் விழும்.