கான்பூர் அப்பா இப்படிப் பேசுவாரா?

கான்பூர், லக்னோ பக்கம் வளர்ந்தவர்கள் இந்த இந்திக் குறும்படக் காட்சியைக் கொஞ்சம் பாருங்கள். புனேயில் வேலை பார்க்கும் மகள், பேசி முடித்த வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிற்கிறாள், அப்பா பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறார். 'மைன் தும்ஸே நிராஷ் ஹூன்' என்று எழுதினால் தூர்தர்ஷன் செய்தி மாதிரி இருக்கும், அதனால் 'ஹம்ஸே ஏக் பார் பூச் தோ லேத்தீ' என்று மட்டும் முனகிவிட்டு, அப்புறம் 'கானா கா லியா?' என்கிறார். அங்கே அப்பாக்கள் தங்களை 'ஹம்' என்பது சகஜம், மகள் அவரை 'ஆப்' என்பாள், அதெல்லாம் சரி. ஆனால் வெளியூரில் 'மைன்' என்று பேசிப் பழகியவள் கோபத்தில் 'ஹம்னே மனா கர் தியா, பஸ்' என்று வீட்டுப் பேச்சுக்குத் திரும்புவாளா? இல்லையென்றால் எப்படிச் சொல்வாள், ஒரு வரி எழுதிக் கொடுங்களேன். அடுத்த வாரம் ஷூட்டிங்.