84 ஸ்லைடு சிறுநீரகப் பாடத்தை ஒரே பக்கத்தில் சுருக்க வேண்டும், உதவுங்கள்

குடியாத்தம் மாணவி

வேலூரில் பி.எஸ்சி. விலங்கியல் முதலாமாண்டு படிக்கிறேன். திங்கட்கிழமை இன்டர்னல். சிறுநீர் உருவாகும் விதம் பற்றிய பாடத்துக்கு மேடம் கொடுத்த பிபிடியில் 84 ஸ்லைடு இருக்கிறது. தினமும் பஸ்ஸில் வருவதால் கையில் ஒரே ஒரு தாள் இருந்தால்தான் கடைசி நேரத்தில் புரட்டிப் பார்க்க முடியும்.

ஸ்லைடுக்கு ஒரு வரி என்று எழுதினேன், ஆறு பக்கம் வந்தது. அதை வெட்டி வெட்டி இரண்டு பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது படித்தால் எனக்கே புரியவில்லை. இரண்டு இடத்தில் வெறும் "180" என்று எழுதியிருக்கிறேன், எது எதற்கு என்று மறந்துவிட்டது. எதை வைப்பது, எதை விடுவது?

ஆம்பூர் அண்ணன்

பிரிண்ட் கொடுக்கும்போது Handouts என்று ஒரு தேர்வு வரும் பாரும்மா. அதில் ஒரு பக்கத்துக்கு 9 ஸ்லைடு வரை போடலாம். 84-க்குப் பத்து பக்கம், முன்னும் பின்னும் அடித்தால் ஐந்தே தாள்.

குடியாத்தம் மாணவி

அண்ணா, பிரிண்டைச் சின்னதாக்குவது இல்லை. பாடத்தையே ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்.

காட்பாடி தம்பி

அக்கா, நான் தலைப்பையும் எண்களையும் மட்டும் எடுத்துக்கொள்வேன். மற்றதெல்லாம் மேடம் பேசுவதற்காகப் போட்ட வரிகள். எண் நினைவிருந்தால் மற்றது தானாக வந்துவிடும்.

ராணிப்பேட்டை விலங்கியல் ஆசிரியர்

தம்பி சொல்வதில் பாதி சரி. எண்கள் வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் எடுத்ததால்தான் இந்தப் பெண்ணுக்கு "180" சிக்கலே வந்தது. இந்தப் பாடத்தில் இரண்டு 180 உண்டு. ஒன்று, ஒரு நாளில் வடிகட்டப்படும் திரவம், 180 லிட்டர். இன்னொன்று, இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் தெரிய ஆரம்பிக்கும், அது 100 மில்லி லிட்டருக்கான கணக்கு. எந்த இடத்து எண் என்பது தெரியாவிட்டால் எண்ணால் பயனில்லை.

அம்மா, நீங்கள் ஸ்லைடு வரிசையிலேயே சுருக்கியதுதான் தவறு. ஸ்லைடு வகுப்பில் பேசுவதற்கான வரிசை. ஒரே படம் நான்கு தடவை வரும், முந்தின வகுப்பை நினைவுபடுத்த இரண்டு ஸ்லைடு போகும். பிபிடியை மூடிவிட்டு, ஒரு தாளைக் குறுக்காக வைத்து, சிறுநீரகத்தில் சிறுநீரை உருவாக்கும் நுண்குழலான நெஃப்ரான் ஒன்றைப் பெரிதாக வரையுங்கள். கிளாமருலஸ், அண்மைச் சுருள் குழல், ஹென்லே வளைவின் இறங்கு பகுதி, ஏறு பகுதி, சேய்மைச் சுருள் குழல், சேகரிப்புக் குழல். ஒவ்வொரு இடத்திலும் மூன்றே விஷயம்: வெளியே போவது எது, போகாதது எது, அந்த இடத்தைத் தாண்டும்போது திரவத்தின் செறிவு எவ்வளவு. இதில் உட்காராத வரியைத் தாளுக்குப் பின்பக்கம் தள்ளிவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பெறக்கூடிய எண்ணை எழுத வேண்டாம். நிமிடத்துக்கு 125 மில்லி என்று எழுதினால் போதும். 60-ஆல் பெருக்கினால் மணிக்கு ஏழரை லிட்டர், 24-ஆல் பெருக்கினால் 180. வெளியே வருவது ஒன்று ஒன்றரை லிட்டர்தான். மீதி எல்லாம் திரும்ப உடம்புக்குள்ளேயே போகிறது, அது எங்கே எப்படி என்பதுதான் உங்கள் 84 ஸ்லைடும்.

ஆரணி நர்சிங்

எனக்கும் இதே பாடம் போன வருடம். அழகாக ஒரு பக்கம் எழுதி, நான்கு கலர் பேனா போட்டு, கதவுக்குப் பின்னால் ஒட்டியும் வைத்தேன். பரீட்சையில் "தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்பவருக்குச் சிறுநீர் ஏன் மஞ்சளாகக் குறைவாக வருகிறது" என்று கேட்டார்கள். என் தாளில் ஹார்மோன் எல்லாம் ஓரத்தில் தனிப் பெட்டியாக இருந்தது. எந்தக் குழலில் வேலை செய்கிறது என்று சேர்த்து எழுதத் தெரியவில்லை. அதனால் ஹார்மோனைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள்.

குடியாத்தம் மாணவி

நேற்று இரவு உட்கார்ந்து வரைந்துவிட்டேன் சார். தட்டச்சு செய்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கிளாமருலஸ்: நிமிடத்துக்கு 125 மில்லி. இரத்த அணுவும் பெரிய புரதமும் போகாது. செறிவு 300 மில்லிஆஸ்மோல்.
அண்மைச் சுருள் குழல்: சர்க்கரை, அமினோ அமிலம் முழுவதும், உப்பும் தண்ணீரும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பும். 300.
இறங்கு பகுதி: தண்ணீர் வெளியேறும். அடியில் 1200.
ஏறு பகுதி: உப்பு வெளியேறும். மேலே 300.
சேகரிப்புக் குழல்: ஏடிஎச் ஹார்மோன் இருந்தால் தண்ணீர் வெளியேறும்.

ராணிப்பேட்டை விலங்கியல் ஆசிரியர்

அளவாக வந்திருக்கிறது. அண்மைச் சுருள் குழலில் 300 மாறாமல் இருப்பது ஏன் என்று ஒரு வரி சேருங்கள்: உப்பு போகும் அளவுக்குத் தண்ணீரும் கூடவே போகிறது, அதனால் அளவு குறையும், செறிவு அப்படியே நிற்கும்.

ஏறு பகுதியில் பிழை. வளைவு ஒரே மாதிரி இறங்கி ஏறுவதால், போன எண்ணுக்கே திரும்பும் என்று கை தானாக 300 எழுதிவிடும். நிறைய பேர் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே "போகாதது" என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். அங்கே தண்ணீர் போகாது. உப்பு மட்டும் போய்க்கொண்டே இருப்பதால் 300-ஐயும் தாண்டி 100 வரை நீர்த்துப்போகும்.

பிழை இருப்பதை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் தாளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏடிஎச் சுத்தமாக இல்லையென்றால் என்ன ஆகும்? உங்கள் தாள்படி பார்த்தால் சிறுநீர் 300-லேயே வெளியே வரும், அதாவது இரத்தத்தின் செறிவிலேயே. உண்மையில் ஏடிஎச் இல்லாதவர்களுக்கு இரத்தத்தைவிட நீர்த்த சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும். அந்தப் பதில் 100 என்று எழுதினால்தான் கிடைக்கும். அப்புறம் எதிர்ப்பக்கம்: மே மாதம் வேலூர் வெயிலில் பஸ்ஸுக்காக நின்று வியர்த்து வழிந்தால் ஏடிஎச் கூடும், சேகரிப்புக் குழலில் தண்ணீர் வெளியேறி 1200 வரை போகலாம். ஆரணிப் பெண் கேட்ட கேள்விக்கும் அங்கேயே விடை.

காட்பாடி தம்பி

சார், அப்படியென்றால் ரெனின், ஆல்டோஸ்டீரோன் எல்லாம்? அதுவே எங்களுக்கு ஒன்பது ஸ்லைடு.

ராணிப்பேட்டை விலங்கியல் ஆசிரியர்

ஒரே அம்புக்குறி வரிசையாக மூலையில் போடுங்கள். இரத்த அழுத்தம் குறைகிறது, ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன், சேய்மைக் குழலில் சோடியம் திரும்புகிறது. கடைசி அம்பு படத்தில் அந்தக் குழலைத் தொட வேண்டும்.

ஆரணி நர்சிங்

சார், யூரியா? சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லா செறிவாக இருப்பதற்கு அதுவும் காரணம் என்று எங்களுக்கு ஐந்து மதிப்பெண்ணில் வந்தது.

ராணிப்பேட்டை விலங்கியல் ஆசிரியர்

உண்மைதான். உப்போடு யூரியாவும் சேர்ந்துதான் 1200 வருகிறது. ஆனால் முதலாமாண்டுத் தாளில் நான் பின்பக்கம்தான் வைப்பேன்.

ஆரணி நர்சிங்

நான் முன்பக்கம் வைப்பேன் சார். சேகரிப்புக் குழலின் அடியிலிருந்து ஒரு அம்புதானே.

குடியாத்தம் மாணவி

மேடம் யூரியாவுக்கு இரண்டு ஸ்லைடு கொடுத்திருக்கிறார். நாளை கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன். 300-ஐ அடித்து 100 போட்டேன். காலையில் பஸ்ஸில் வெள்ளைத்தாளில் பார்க்காமல் வரைந்தேன், பள்ளிகொண்டா வருவதற்குள் படம் முடிந்துவிட்டது. சேய்மைக் குழலில் மட்டும் என்ன எழுதினோம் என்று ஞாபகம் வரவில்லை.