பார்சல் சுங்கக் கட்டணம்: பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை

வணக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலுக்குச் சுங்க வரியும் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேர்த்து ஆன்லைனில் கட்டினேன். ஓடிபி போட்டதும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து, 'பணம் செலுத்துதல் தோல்வி' என்று வந்தது. அதற்குள் வங்கியிலிருந்து பணம் எடுத்ததாகக் குறுஞ்செய்தி. டிராக்கிங்கில் இன்னும் 'கட்டணம் நிலுவை' என்றே நிற்கிறது.

இது மோசடி லிங்க் இல்லை. கூரியரின் தளத்துக்கு நானே போய், டிராக்கிங் எண் போட்டுத் திறந்த பக்கம்தான்.

வங்கிக் கணக்கில் அந்தத் தொகை 'பெண்டிங்' என்று இருக்கிறது. அப்படியென்றால் வங்கி பணத்தை நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறது, கூரியருக்குப் போய்ச் சேரவில்லை, பரிவர்த்தனை முடியாவிட்டால் தானாகத் திரும்பிவிடும் என்று புரிந்துகொள்கிறேன். சரிதானா? ஆனால் அது 'முடிந்தது' என்று மாறிவிட்டால், பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து கூரியரையே தேடச் சொல்ல வேண்டுமா, வங்கியில் புகார் கொடுக்க வேண்டுமா?

என் பெரிய கவலை கெடு. காத்திருந்தால் கிடங்கு வாடகை ஏறும், பார்சலைத் திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். மறுபடி கட்டினால் இரட்டிப்பாகப் போய்விடுமோ என்று பயம். பார்சலை நிறுத்தி வைக்கச் சொல்லி யாராவது எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? டெலிவரி நேரத்தில் நேரில் கட்ட விடுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.