புதுப்பிப்பு: ஏழு வாரமாகப் பேசியும் சந்திக்க வராதவர்

"தினமும் அன்பாகப் பேசுகிறார், நேரில் பார்க்கலாமா என்றால் மட்டும் நழுவுகிறார். என்ன செய்வது?" என்று கேட்டிருந்தேன்.

எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது பண்டாரவளை அக்காவின் யோசனைதான்: முதலில் வீடியோ அழைப்பு, அப்புறம் நாள், நேரம், இடம் சொல்லி ஒரே ஒருமுறை கூப்பிடுவது.

"ஆள் போலி" என்ற தம்பி பாதி சரி. வீடியோவில் அதே முகம்தான், பின்னால் தகரக் கூரையில் மழைச் சத்தம். போயா தினம், காலை பத்து மணி, ஹட்டன் ரயில் நிலையம் என்றேன். சரி என்றார். முந்தின இரவு, மண்சரிவு, பாதை மூடல் என்றார். பஸ் ஓட்டும் மாமாவிடம் கேட்டேன், பாதை திறந்தேதான் இருந்தது. "அப்போ வேறு நாள் நீங்களே சொல்லுங்கள்" என்றேன். ஒரு ரோஜாப் படம் வந்தது, நாள் வரவில்லை.

எதிர்பாராதது: மூன்றாம் நாள் பதினைந்தாயிரம் ரூபாய் கடன் கேட்டார். கொடுக்கவில்லை, எண்ணைத் தடுத்துவிட்டேன். ஆரம்பத்திலிருந்தே அதற்காகத்தான் பேசினாரா, தெரியவில்லை.