கூட்டத்தில் அறிந்ததைக் குழுவிடம் விளக்கும் மேலாளர் எந்தப் பங்கை ஆற்றுகிறார்?

அகிலன்:
பயிற்சித் தாளில் வந்த வினா இது: “பிற நிறுவன மேலாளர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் கலந்துகொண்ட மேலாளர் ஒருவர், புதிய பாதுகாப்பு விதிகளை அங்கு அறிந்து வந்து, தம் குழுவினருக்கு விளக்குகிறார். இங்கு அவர் முதன்மையாக ஆற்றும் பங்கு எது? அ) தொடர்பாளர் ஆ) கண்காணிப்பாளர் இ) தகவல் பரப்புநர் ஈ) செய்தித் தொடர்பாளர்.” வெளி நிறுவன மேலாளர்களோடு பழகுகிறாரே என்று நான் ‘அ’ எழுதினேன். விடைக்குறிப்போ ‘இ’ என்கிறது. என் விடை ஏன் தவறு?

கயல்விழி:
விடை வாக்கியத்தின் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘கலந்துகொண்ட’ என்பது பெயரெச்சம், ‘வந்து’ என்பது வினையெச்சம், ‘விளக்குகிறார்’ என்பதுதான் வினைமுற்று. முற்றுவினை எதுவோ அதுவே மேலாளரின் செயல். மற்றவை அதற்கு முந்திய நிகழ்ச்சிகள். குழுவினருக்கு விளக்குவது தகவல் பரப்புதல் என்பதால் ‘இ’ சரி. எந்த வினாவிலும் கடைசி வினையைப் பிடித்துக்கொண்டால் தவறவே மாட்டீர்கள்.

பொன்னி:
எனக்கு ‘ஆ’ ஏன் விடையில்லை என்பதே புரியவில்லை. என் பழைய அலுவலகத்தில் மேலாளர் நாள்தோறும் மூன்று முறை எங்கள் இருக்கைகளைச் சுற்றி வருவார். யார் வேலை செய்கிறார்கள், யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார். பாதுகாப்பு விதிகளை விளக்கும் மேலாளரும் அவற்றைக் குழு பின்பற்றுகிறதா என்று பார்ப்பார் அல்லவா? அப்படியானால் அவர் கண்காணிப்பாளர்தானே?

மாறன்:
பொன்னி அவர்களே, உங்களை வழிமாற்றியது அந்தத் தமிழ்ச் சொல்தான், உங்கள்மீது குற்றமில்லை. கண்காணிப்பாளர் என்றதும் ஆட்களை மேற்பார்வையிடுபவர் நம் நினைவுக்கு வருகிறார். மேலாளரின் பணியை ஆளிடை, தகவல், முடிவெடுத்தல் என்ற மூன்று வகைகளில் பத்துப் பங்குகளாகப் பிரிக்கும் இந்தப் பாகுபாட்டை 1973-ஆம் ஆண்டு தம் நூலில் வெளியிட்ட மேலாண்மை அறிஞர் மின்ட்ஸ்பெர்க் அந்தப் பெயரால் குறித்தது, நிறுவனத்துக்கு உள்ளும் புறமும் நடப்பதை அறிவதற்காகச் செய்திகளைத் தேடியும் கேட்டும் திரட்டுகிற மேலாளரை. உங்கள் மேலாளர் ஊழியர்களின் வேலையைப் பார்த்து அவர்களை நெறிப்படுத்தச் சுற்றினார் என்றால், அது ஆளிடைப் பங்குகளில் ஒன்றான தலைவர் பங்கில் சேரும். உற்பத்தி ஏன் தாமதமாகிறது என்று அறிவதற்காகவே சுற்றினார் என்றால் அவர் கண்காணிப்பாளர். நடை ஒன்றே, எதற்காக நடந்தார் என்பதில்தான் பங்கு மாறுகிறது.

கயல்விழி அவர்களின் விதி இந்த வினாவுக்குப் பொருந்துகிறது, ஆனால் அதை எல்லா வினாவுக்கும் நீட்டக்கூடாது. “இயந்திரம் திடீரெனப் பழுதானதால், மேலாளர் தொழிலாளர்களை வேறு பிரிவுக்கு மாற்றி, பழுது நீக்குவோரை வரவழைத்து, நிலைமையை மேலிடத்துக்குத் தெரிவித்தார்” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கடைசி வினை ‘தெரிவித்தார்’. அதை வைத்துத் தகவல் பங்கு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும், ஏனெனில் வாக்கியம் முழுவதையும் இயக்குவது எதிர்பாராமல் வந்த இடையூறு. அது முடிவெடுக்கும் பங்குகளில் வருகிறது.

நான் மாணவர்களுக்குச் சொல்வது வேறொரு சோதனை: ஒவ்வொரு பகுதியையும் நீக்கியோ மாற்றியோ பார்த்து, எதை மாற்றினால் விடையும் மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். அகிலனின் வினாவில் கூட்டத்தை எடுத்துவிட்டு, “சுற்றறிக்கை ஒன்றில் படித்த புதிய விதிகளைக் குழுவினருக்கு விளக்குகிறார்” என்று எழுதுங்கள். விடை அப்படியே தகவல் பரப்புநராகவே நிற்கிறது. ஆகவே கூட்டம் செய்தி வந்த வழி மட்டுமே. இப்போது கூட்டத்தை வைத்துக்கொண்டு விளக்குவதை நீக்குங்கள். “விதிகளை அறிந்து வந்தார்” என்று நின்றுவிட்டால் விடை கண்காணிப்பாளராக மாறுகிறது. விளக்குதல் இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு விடை என்பதால், எடை அதன்மேல்தான் இருக்கிறது.

அகிலன்:
அப்படியானால் தொடர்பாளர் விடையாக வர வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்?

மாறன்:
தொடர்பே பயனாக இருக்க வேண்டும். “உடனடித் தேவை எதுவும் இல்லாதபோதும், பிற நிறுவன மேலாளர்களை மாதந்தோறும் சந்தித்து உறவைப் பேணி வருகிறார்” என்றால் அது தொடர்பாளர். கேட்ட செய்தியும் அதைச் சொல்வதும் உள்ளே நுழைந்தவுடன் வினா ஆளிடைப் பங்குகளை விட்டுத் தகவல் பங்குகளுக்கு நகர்ந்துவிடுகிறது. ‘ஈ’ பற்றி ஒரு வரி போதும்: செய்தித் தொடர்பாளர் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் பேசுபவர், இங்கே கேட்பவர்கள் சொந்தக் குழுவினர்.

இளங்கோ:
மன்னிக்கவும், வினாவே பிழையானது என்பது என் கருத்து. மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை, ஒவ்வொருவரையும் ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து எழுதியவர்; பத்துப் பங்குகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை, எளிதில் பிரிக்க இயலாதவை என்று அவரே சொல்லியிருக்கிறார். பதவி தரும் அதிகாரத்தால் தொடர்புகள் கிடைக்கின்றன, தொடர்புகளால் செய்தி கிடைக்கிறது, செய்தியால் முடிவு எடுக்க முடிகிறது. அகிலனின் மேலாளர் தொடர்பாளராகச் சென்று, கண்காணிப்பாளராகக் கேட்டு, பரப்புநராகத் திரும்புகிறார். மூன்றும் உண்மையாக நடந்திருக்கும்போது ஒன்றை மட்டும் சரி என்பது அவருடைய கருத்தையே வெட்டுவதாகும்.

கயல்விழி:
‘முதன்மையாக’ என்ற சொல் வினாவில் இருக்கிறதே? மூன்றும் நடந்தன என்பதை அது மறுக்கவில்லை.

இளங்கோ:
முதன்மை என்று யார் தீர்ப்பது? இதே தாளிலிருந்து இன்னொரு வினாவைத் தருகிறேன்: “மூலப்பொருள் வழங்குநர் திடீரென வழங்கலை நிறுத்திவிட்டதால், மேலாளர் வேறு மூன்று வழங்குநர்களுடன் பேசி, ஒருவரிடம் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் செய்தார்.” தெரிவுகளில் இடையூறு கையாள்பவர், பேச்சுவார்த்தையாளர் இரண்டும் உள்ளன. மாறன் ஐயாவின் சோதனையைப் பொருத்திப் பாருங்கள். வழங்கல் நின்றதை நீக்கினால் பேச்சுவார்த்தையாளர் மிஞ்சுகிறார். பேரத்தை நீக்கி, “கையிருப்பிலிருந்து ஈடுகட்டினார்” என்று எழுதினால் இடையூறு கையாள்பவர் மிஞ்சுகிறார். எதை நீக்கினாலும் ஒருவர் நிற்கிறார்.

மாறன்:
நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். இங்கே சோதனை தீர்ப்புத் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் இடையூறு கையாள்பவர் என்றே எழுதுவேன், ஏனெனில் மேலாளர் விரும்பித் தொடங்கிய பேரம் அல்ல இது; வழங்கல் நின்றதால் அவர்மேல் விழுந்தது, பேரம் அதைத் தீர்க்கக் கையில் எடுத்த கருவி. எனினும் ‘குறைந்த விலைக்கு’ என்ற சொற்கள் உறுத்துகின்றன. இடையூறைத் தீர்க்க விலை குறைய வேண்டிய தேவையில்லை. வினா எழுதியவர் பேரத்தைக் காட்டுவதற்கென்றே அதைச் சேர்த்திருக்கலாம். பத்துப் பெயர்களைக் கேட்காமல் மூன்று வகைகளை மட்டும் கேட்டிருந்தால் சிக்கலே இல்லை. இரண்டும் முடிவெடுக்கும் பங்குகள்தாம்.

அகிலன்:
அந்த வினாவுக்கு விடைக்குறிப்பில் பேச்சுவார்த்தையாளர் என்றுதான் இருக்கிறது.

இளங்கோ:
வினா எழுதியவருக்கு விலை பெரிதாகத் தெரிந்திருக்கிறது, மாறன் ஐயாவுக்கு நெருக்கடி பெரிதாகத் தெரிகிறது. நான் சொன்னதும் இதையேதான்.

மாறன்:
இந்த வினாவுக்கு உங்கள் வாதத்தை ஏற்கிறேன், முதல் வினாவுக்கு ஏற்கவில்லை. அங்கே ‘அ’ எழுதியவருக்கு மதிப்பெண் தர எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. இங்கே இரண்டில் எதை எழுதினாலும் தருவேன்.

பொன்னி:
என் பழைய மேலாளர் எதற்காகச் சுற்றினார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தாமதத்தைப் பற்றி அவர் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.