புதுப்பிப்பு: பில்லில் 4 பைசா இடித்த கதை

"பில்லிலிருந்து எடுத்த மொத்தம் 4 பைசா இடிக்கிறதே, ஏன்?"

ஸ்கேன் செய்த பில்லிலிருந்து தொகைகளை எடுத்துக் கூட்டும் என் ஸ்கிரிப்ட் பற்றி முன்பு இப்படிக் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. தக்கலை அண்ணன் சொன்னதுதான் சரி: வரியை ஒவ்வொரு உருப்படிக்கும் ரவுண்ட் செய்வதா, மொத்தத்துக்கு ஒரே தடவையா என்பதில்தான் வித்தியாசம். அந்த மார்த்தாண்டம் ஹார்டுவேர் பில்லில் நான்கு உருப்படி, தலா ₹20.50. 9% சிஜிஎஸ்டி 1.845, ஒவ்வொன்றையும் 1.85 ஆக்கினால் நான்குக்கும் 7.40. மொத்தமாக ₹82-க்குப் போட்டால் 7.38. எஸ்ஜிஎஸ்டியிலும் அதே 2 பைசா. கடைக்காரர் முதல் வழி, என் ஸ்கிரிப்ட் இரண்டாவது. இப்போது இரண்டையும் போட்டுப் பார்த்து, பில்லின் வரித்தொகையோடு ஒத்துப்போவதை எடுக்கிறது.

ஸ்கேன் பிழை என்று தம்பி சொன்னது வேறொரு பில்லில் உண்மை: 3 என்பது 8 ஆகியிருந்தது. ஆனால் அங்கே இடித்தது 5 ரூபாய்.

எதிர்பாராதது ஒன்று: ரவுண்ட் ஆஃப் போட்டபின் 96.80, 96.76 இரண்டுமே ₹97. கடைசித் தொகையை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. அப்புறம், தள்ளுபடி உள்ள சில பில்களில் 1 பைசா இன்னும் இடிக்கிறது.