புதுப்பிப்பு: எண்ணெய் குறைத்த அவரைக்காய்ப் பொரியல்

போன வாரம் நான் இங்கே உங்களிடம் கேட்டது: "எண்ணெயைக் குறைச்சா பொரியல் வறண்டு சப்புனு ஆயிடுதுங்க, என்ன பண்றது?"

ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டேன். காயை வேகவைத்து, நீரை வடித்துத் தாளிக்கச் சொன்ன தம்பியின் யோசனை பாதி சரி. எண்ணெய் குறைந்தது, ஆனால் ருசியும் வடித்த தண்ணீரோடு போய்விட்டது.

பெருந்துறை அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. கால் கிலோ அவரைக்காய்க்கு முன்பு மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய், இப்போது இரண்டே டீஸ்பூன். கடுகு, உளுந்து, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயத்தைப் போட்டதுமே உப்பையும் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டு அந்த ஈரத்திலேயே வதங்குகிறது, அடிபிடிக்கிற மாதிரி இருந்தால் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். அப்புறம் மிளகாய்த்தூளைக் காய்க்கு முன்பே, எண்ணெயில் பத்து விநாடி பிரட்ட வேண்டும். காரமும் நிறமும் எண்ணெயில்தான் இறங்கும், நான் கடைசியில் தூவியதால்தான் பச்சை வாசம் வந்தது. பிறகு காயைக் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றிய தட்டால் மூடி, சிறுதீ. வெந்ததும் திறந்து ஈரம் சுண்டவிட்டுத் தேங்காய்ப்பூ. தேங்காயிலும் கொழுப்பு உண்டுங்க, ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

வடைக்கு எண்ணெய் குறைப்பதைக் கேட்ட அண்ணாவுக்கு இது உதவாது. வெண்டைக்காய் எனக்கும் இன்னும் சரியாகவில்லை, மூடினால் கொழகொழக்கிறது. திறந்தே வதக்கினால் எண்ணெய் கேட்கிறது. யாராவது செய்திருந்தால் சொல்லுங்க.